முதல் லீவுக் கடிதம்: எதை எங்கே எழுதுவது?

மட்டக்களப்பு டவுனில் ஓர் அலுவலகத்தில் லீவுக் கடிதங்களை வாங்கிப் பதிவு செய்வதும் என் வேலைகளில் ஒன்று. புதிதாகச் சேரும் பிள்ளைகள் கொண்டுவரும் கடிதங்களில் காரணம் ஒரு பக்கம் இருக்கும், திகதி இருக்காது. குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் முதன்முதல் எழுதிய கடிதமும் அப்படித்தான். அதை வாங்கிய முகாமையாளர் கடைசிவரை வாசித்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, எண்டைக்கு வரமாட்டீர்?" என்றுதான் கேட்டார்.

ஓர் உதாரணத்தை வைத்தே பார்ப்போம். களுவாஞ்சிகுடிப் பிள்ளை ஒருத்தி, டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு உதவியாளராக 2025 ஜனவரி 2ஆம் திகதி சேர்ந்தாள். ஜூன் 11, புதன்கிழமை அக்காவுக்குக் கலியாணம். திங்கட்கிழமையே வீட்டில் பலகாரச் சூடு தொடங்கிவிடும், அவள் இல்லாமல் முடியாது. கடைக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு.

பேனாவை எடுக்கும் முன் நாளை எண்ணுங்கள்

ஒரு கலண்டரை முன்னால் வையுங்கள். ஜூன் 9 திங்கள், 10 செவ்வாய், 11 புதன். மூன்று நாள் என்று எழுதத்தான் கை போகும். ஆனால் 10ஆம் திகதி பொசன் போயா, கடை எப்படியும் பூட்டு. அப்போ அவள் கேட்க வேண்டியது 9ஆம், 11ஆம் திகதிகளுக்கு, மொத்தம் இரண்டு நாள்தான்.

இந்த ஒரு நாள் வித்தியாசம் அவளுக்குப் பெரிது. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, சேர்ந்த முதல் வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது. முழுதாக வேலை செய்த ஒவ்வோர் இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் கஷுவல் லீவு உண்டு. அவளுக்கு ஜூன் ஆரம்பத்தில் ஐந்து மாதம் முடிந்திருக்கும். ஆகவே கையில் இருப்பது இரண்டு நாள், அதில் இன்னும் ஒன்றும் எடுக்கவில்லை. "9ஆம் திகதி முதல் 11ஆம் திகதி வரை" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால், சம்பளம் போடுகிறவர் மூன்று நாள் என்று பதிந்துவிடலாம். இல்லாத மூன்றாவது நாள் மாதக் கடைசியில் சம்பளமற்ற லீவாக வந்து நிற்கும். அதைத் திருத்தப் பிறகு இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.

இனி தாளின் மேலிருந்து கீழாக

கோடில்லாத A4 தாள் ஒன்று போதும். இடது மேல் மூலையில் உங்கள் பெயர், பதவி, வீட்டு முகவரி. ஊழியர் இலக்கம் இருந்தால் அதையும் சேருங்கள், ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் இடங்களில் அது உதவும். அதன் கீழே கடிதம் எழுதும் திகதி. கலியாணத் திகதியை அங்கே போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது யாருக்கு என்பது. ஆளின் பெயரை விட்டு, "முகாமையாளர்" என்று பதவியை எழுதி, கீழே நிறுவனத்தின் பெயரும் ஊரும். உங்களுக்கு மேலே ஒரு பொறுப்பாளர் இருந்தால் "கணக்காளர் ஊடாக" என்று ஒரு வரி சேர்த்து, கடிதத்தை முதலில் அவரிடமே கொடுங்கள். அவரைத் தாண்டிப் போன கடிதம் பெரும்பாலும் அவரிடமே திரும்பி வரும், கொஞ்சம் கோபத்தோடு.

பிறகு "ஐயா" அல்லது "அம்மணி". நேரில் சேர், மிஸ் என்று கூப்பிட்டாலும் தாளில் இதுதான் வழக்கம். அதற்குக் கீழே நடுவில் ஒரு தலைப்பை எழுதிக் கோடிடுங்கள். தலைப்பிலேயே எத்தனை நாள், என்ன லீவு என்று இருந்தால் வாசிக்கிறவருக்கு மீதி பாதி விளங்கிவிடும்.

உடலுக்கு நாலைந்து வரி போதும். என்ன காரணம், எந்தத் திகதிகள், எப்போது திரும்புவீர்கள், உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள். காரணத்துக்கு ஒரு வசனத்துக்கு மேல் வேண்டாம். மாப்பிள்ளை எந்த ஊர், மண்டபம் ஏன் கிடைக்கவில்லை என்பதெல்லாம் தேநீர் நேரத்துக்கு.

அந்தப் பிள்ளையின் கடிதம் இப்படி வரும்:

(பெயர்)
கணக்கு உதவியாளர்
(வீட்டு முகவரி)
களுவாஞ்சிகுடி
2025.05.26

முகாமையாளர்
(கடையின் பெயர்)
மட்டக்களப்பு

கணக்காளர் ஊடாக

ஐயா,

இரண்டு நாள் கஷுவல் லீவு கோரல்: 2025.06.09, 2025.06.11

எனது மூத்த சகோதரியின் திருமணம் 2025.06.11 புதன்கிழமை களுவாஞ்சிகுடியில் எமது இல்லத்தில் நடைபெறவுள்ளது. அதற்காக 2025.06.09 திங்கட்கிழமையும் 2025.06.11 புதன்கிழமையும் எனக்கு லீவு தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். 10ஆம் திகதி போயா விடுமுறை தினமாகும். 2025.06.12 வியாழக்கிழமை காலை கடமைக்குச் சமுகமளிப்பேன்.

நான் இல்லாத நாட்களில் தினசரி விற்பனைப் பதிவைச் செய்ய காசாளர் சம்மதித்துள்ளார். அவசரத் தேவைக்கு எனது தொலைபேசி இலக்கம்: (இலக்கம்)

நன்றி.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(கையொப்பம்)
(பெயர்)

காசாளரைப் பற்றிய வசனத்தை எழுதும் முன் காசாளரிடம் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் எழுதி, முகாமையாளர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது "எனக்குத் தெரியாது சேர்" என்று பதில் வந்த சம்பவம் எங்கள் இடத்திலேயே நடந்தது. லீவு கிடைத்தது, ஆனால் அந்தப் பையன் ஒரு கிழமை முகம் கொடுக்க முடியாமல் திரிந்தான்.

திரும்பும் திகதியையும் பலர் விடுகிறார்கள். "11ஆம் திகதி வரை லீவு" என்றால் 11ஆம் திகதி வேலைக்கு வருவீர்களா, மாட்டீர்களா என்ற சந்தேகம் வாசிக்கிறவருக்கு வரும். 12ஆம் திகதி காலை என்று எழுதினால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. திகதியோடு கிழமையையும் எழுதுவது அதற்குத்தான், இரண்டும் பொருந்தாவிட்டால் எங்கோ பிழை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அரச அலுவலகத்தில் சேர்ந்தவர்களுக்கு வெள்ளைத் தாள் தேவைப்படாது. "பொது 125 அ" என்ற அச்சிட்ட லீவுப் படிவத்தைத் தருவார்கள். கேட்கும் விபரங்கள் ஏறக்குறைய இவைதான். கூடவே அந்த வருடம் ஏற்கெனவே எடுத்த லீவையும் கேட்கும், அதனால் உங்கள் கணக்கை ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருங்கள்.

கொடுப்பது

கலியாணம் போல முன்கூட்டியே தெரிந்த விடயம் என்றால் இரண்டு கிழமைக்கு முன் கொடுங்கள். திடீரென்று காய்ச்சல் வந்தால் காலையிலேயே கோல் எடுத்துச் சொல்லிவிட்டு, திரும்பி வந்த அன்று கடிதத்தைக் கொடுக்கலாம். அதில் "லீவு தருமாறு" என்று எழுதாமல், "2025.07.14 அன்று சுகவீனம் காரணமாகக் கடமைக்கு வர முடியவில்லை, அந்நாளை லீவாக ஏற்குமாறு" என்று நடந்து முடிந்ததாக எழுத வேண்டும்.

வட்ஸ்அப்பில் "சேர் நாளைக்கு வரமாட்டன்" என்று போட்டுவிட்டு, நீல டிக் விழுந்ததும் லீவு கிடைத்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர் பார்த்தார் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். கடிதத்தில் அவர் "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதி ஒப்பமிட்ட பிறகு, அதை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பலகாரச் சட்டியை அடுப்பில் வைக்கலாம்.