பாலக்கீரையும் இரும்புச்சத்தும்: உணவுப் பட்டியல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவியல் பயிற்சிக்கு வரும் இளையவர்கள் எழுதும் உணவுப் பட்டியல்களைத் திருத்தும் வேலை சில காலமாக என்னிடம் இருக்கிறது. ரத்தசோகை என்ற குறிப்பைக் கண்டவுடன் அவர்களுடைய பேனா பாலக்கீரையை எழுதிவிடுகிறது. பக்கத்திலேயே ஊட்டச்சத்து அட்டவணையிலிருந்து எடுத்த ஓர் எண்ணும் இருக்கும். நாங்கள் பயிற்சியில் இருந்தபோதும் இப்படித்தான் எழுதினோம். கீரையைச் சரியாகக் கழுவாமல் விடுவது, குழைய வேகவிடுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பச்சைக் கீரையின் எண்ணோடு வெந்த கீரையின் எண்ணை ஒப்பிடுவது

100 கிராம் பச்சைக் கீரையில் ஏறத்தாழ 2.7 மி.கி. இரும்பும், அதே எடையுள்ள வெந்த கீரையில் ஏறத்தாழ 3.6 மி.கி. இரும்பும் உள்ளன. இரும்பு கூடவில்லை, நீர் குறைந்திருக்கிறது.

தட்டில் உள்ள இரும்பை உடலில் சேர்ந்த இரும்பாக எண்ணுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். ஒரு கிண்ணம் வெந்த பாலக்கீரை, அதாவது 180 கிராம், சுமார் 6.4 மி.கி. இரும்பைத் தருகிறது. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு அமெரிக்கப் பரிந்துரை நாளொன்றுக்கு 18 மி.கி. என்பதால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்துவிட்டது என்று பயிற்சி பெறுபவர் எழுதிவிடுகிறார். உணவில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த எண் சரியான விடைதான். குடல் சுவரைத் தாண்டி எவ்வளவு ரத்தத்துக்குப் போகிறது என்பது வேறு கேள்வி.

கீரையில் இருப்பது ஹீம் அல்லாத இரும்பு. இறைச்சியின் ஹீம் இரும்பு தனக்கென ஒரு பாதுகாப்பான கூட்டுக்குள் இருந்தபடியே குடல் செல்லுக்குள் நுழைந்துவிடும். கீரையின் இரும்போ செரிமானத்தின்போது அவிழ்ந்து, உடன் வந்த பொருள்கள் எதனோடும் பிணைந்துகொள்ளக்கூடிய நிலையில் நிற்கிறது. கதிரியக்க இரும்பை அடையாளமாக வைத்து மனிதர்களிடம் செய்யப்பட்ட பழைய ஆய்வுகளில், பாலக்கீரையின் இரும்பில் 1 முதல் 2 சதவீதம் வரையே உறிஞ்சப்பட்டது. இருப்பு குறைந்த உடல் கூடுதலாக உறிஞ்சும் என்பதையும், உடன் சேரும் உணவு உதவலாம் என்பதையும் கருதித் தாராளமாக 5 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த 6.4 மி.கி.யில் உடலுக்குள் சேர்வது சுமார் 0.3 மி.கி. மட்டுமே. மாதவிடாய் உள்ள பெண் நாள்தோறும் சராசரியாக 1.5 மி.கி. அளவில் இரும்பை இழக்கிறார்.

இதன் விலையை ஒரு பெண்ணின் அறிக்கையில் பார்த்தேன். அவருக்கு எடை 50 கிலோ, ஹீமோகுளோபின் 9 கிராம். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அவர் சொன்னதும், இயற்கையாகவே சரிசெய்துவிடலாம் என்று யாரோ அவருக்கு நாள்தோறும் ஒரு கிண்ணம் கீரை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று மாதம் தவறாமல் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு ஹீமோகுளோபின் முன்பைவிடச் சற்றுக் குறைந்திருந்தது. தான் ஒழுங்காகச் சாப்பிடவில்லையோ என்று அவர் தன்னையே குறைபட்டுக்கொண்டார். பட்டியலை எழுதியவர் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அந்த மனக்குறைக்கே இடம் இருந்திருக்காது.

அந்தக் கணக்கு கடினமானதும் அல்ல. அவருடைய உடலில் சுமார் 3.3 லிட்டர் ரத்தம் இருக்கும். டெசிலிட்டருக்கு 9 கிராம் என்பதை 12 ஆக்க, மொத்தம் 100 கிராம் அளவுக்கு ஹீமோகுளோபின் புதிதாக உருவாக வேண்டும். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மி.கி. இரும்பு உண்டு; ஆகவே தேவை ஏறத்தாழ 340 மி.கி. காலியாகிவிட்ட இருப்பை நிரப்புவதற்கான இரும்பு இதில் சேராது. அன்றாட இழப்பை மற்ற உணவுகள் முழுவதுமாக ஈடுசெய்துவிட்டன என்று கற்பனை செய்துகொண்டாலும், நாளுக்கு 0.3 மி.கி. என்ற கணக்கில் கீரை மட்டும் அதைத் தர மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 60 மி.கி. இரும்புள்ள மாத்திரையில் 10 சதவீதம் உறிஞ்சப்பட்டால்கூட நாளுக்கு 6 மி.கி. சேரும், அதே தொகை இரண்டு மாதத்துக்குள் வந்துவிடும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பதா, வேறு இரும்பு உப்புள்ள மாத்திரைக்கு மாற்றுவதா என்று மருத்துவரிடம் கேட்கும்படி அனுப்புவதே நம் வேலை. அந்தப் பெண்ணுக்கு அப்படித்தான் மாத்திரை மாற்றப்பட்டது; அடுத்த மாத அறிக்கையிலேயே எண் ஏறத் தொடங்கியது.

எல்லாப் பழியையும் ஆக்சலேட்டின் மேல் போடுவது

பாலக்கீரையின் இரும்பு சேராததற்கு ஆக்சாலிக் அமிலமே காரணம் என்று பல பாடக்குறிப்புகள் இன்றும் சொல்கின்றன. 2008-இல் வெளியான மனித ஆய்வு ஒன்றில், ஆக்சலேட் குறைவான கேல் கீரையோடு, பாலக்கீரையில் இருக்கும் அளவுக்குப் பொட்டாசியம் ஆக்சலேட்டைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள்; இரும்பு உறிஞ்சுதல் குறையவில்லை. பாலக்கீரையில் உள்ள பாலிஃபீனால்களும் கால்சியமுமே தடைக்குக் காரணமாக இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. ஆக்சலேட் கால்சியத்தை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது என்பது உண்மை; சிறுநீரகக் கற்கள் உள்ளவர்களுக்கும் அது முக்கியமானது. இரும்பைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு கீரையை வேகவைத்த நீரைக் கொட்டச் சொல்வதில் மட்டும் பொருளில்லை. அந்த நீரோடு வைட்டமின் சி-யும் போய்விடுகிறது. பச்சையாக 100 கிராமில் 28 மி.கி. அளவில் இருப்பது, வேகவைத்து வடித்த பிறகு 10 மி.கி. அளவுக்கு இறங்கிவிடுகிறது.

வைட்டமின் சி-யை வேறொரு வேளையில் கொடுப்பது

காலையில் தின்ற ஆரஞ்சு மதியக் கீரைக்கு உதவாது. வைட்டமின் சி இரும்பைக் கரையும் வடிவில் நிறுத்தி வைப்பது இரைப்பையிலும் குடலின் தொடக்கப் பகுதியிலும்தான் என்பதால், இரண்டும் ஒரே வேளையில் உள்ளே போக வேண்டும். எலுமிச்சைச் சாற்றைக் கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும்.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர், காபி

1983-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி உறிஞ்சுதலைக் குறைக்கவில்லை. ஒரு மணி நேரம் பின்பு குடித்தது, உணவோடு குடித்த அளவுக்கே குறைத்தது. உணவு அப்போதும் வயிற்றில் இருக்கிறது. ஆகவே, சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்துக் குடிக்கலாம் என்று எழுதுவதைவிட, முன்பே குடித்துவிடச் சொல்வது மேல்.

தசமப்புள்ளிக் கதையை ஒப்பிப்பது

யாரோ தசமப்புள்ளியை இடம் மாற்றி எழுதியதால்தான் பாலக்கீரைக்கு இரும்புப் புகழ் வந்தது என்ற கதைக்கு ஆதாரம் இல்லை, விட்டுவிடுங்கள்.

ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நிறுத்துவது

ஹீமோகுளோபின் கடைசியாக விழும் எண். இருப்பு அதற்கு முன்பே காலியாகியிருக்கும். அந்த இருப்பைக் காட்டும் ரத்தப் புரதமான ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போய்விட்டால் பெரியவர்களிடம் இருப்பு தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். தொற்றோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், காய்ச்சல் வந்த வாரத்து அறிக்கையை வைத்துக்கொண்டு இருப்பு போதும் என்று எழுதிவிடக் கூடாது. மாத்திரையை ஒழுங்காக எடுத்தும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம் அளவுக்குக்கூட ஏறவில்லை என்றால், உணவுப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்காமல், எங்காவது ரத்தம் போகிறதா, குடல் சரியாக உறிஞ்சுகிறதா என்று பார்க்க மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.