கான்டூர் இடைவெளியில் நாம் செய்யும் தவறுகள்

சம உயரக் கோடுகளை, அதாவது கான்டூர்களை, வரைய முதல்முறை gdal_contour ஓட்டும்போது பெரும்பாலும் எல்லோரும் கோடுகளுக்கு இடையிலான உயர இடைவெளியை -i 5 அல்லது -i 1 என்றுதான் மீட்டரில் கொடுக்கிறோம், கோடு அதிகமானால் விவரமும் அதிகம் என்று நினைத்து. நிலத்தின் உயரத்தை 30 மீட்டர் பிக்சல்களாகப் பதிந்த டிஇஎம் ஒன்றை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் வரும் வரைபடம் பார்க்க நுணுக்கமாக இருக்கும், ஆனால் அதில் பாதிக் கோடுகள் நிலத்தைச் சொல்லவில்லை, டிஇஎம்மின் பிழையைத்தான் சொல்கின்றன.

ஏன் என்று பாருங்கள். ஒரு சமதளத்தில் அடுத்தடுத்த பிக்சல்களின் உயரம் 100.4, 101.2, 99.7, 101.1 என்று இருக்கிறது. நிலம் அப்படி ஏறி இறங்கவில்லை, அளவீட்டில் வந்த சலசலப்பு அது. ஆனால் 1 மீட்டர் இடைவெளி கொடுத்தால் நிரலுக்கு அது தெரியாது, 100-க்கும் 101-க்கும் நேர்மையாகக் கோடு போட்டுவிடும். இரண்டு மூன்று பிக்சல் அளவில் குட்டிக் குட்டி வளையங்கள் சமதளம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அப்படியானால் எவ்வளவு கொடுப்பது? அமெரிக்காவில் 1947-இல் வந்த வரைபடத் துல்லிய விதி இன்றும் கைகொடுக்கிறது: சோதித்துப் பார்க்கும் புள்ளிகளில் 90 சதவீதம், இடைவெளியில் பாதிக்குள் சரியாக இருக்க வேண்டும். அதைத் திருப்பிப் போட்டால், 90 சதவீதப் புள்ளிகளில் டிஇஎம் தாண்டாத பிழை அளவை இரண்டால் பெருக்கினால் குறைந்தபட்ச இடைவெளி கிடைத்துவிடும். கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் டிஇஎம்முக்கு அந்த அளவு 4 மீட்டருக்குள் என்கிறார்கள், ஆக 8, வசதிக்காகச் சற்றுக் கூட்டி 10 மீட்டர். எஸ்ஆர்டிஎம் என்ற இன்னொரு டிஇஎம்முக்கு வடிவமைப்பில் 16 மீட்டர், ஆக 32. (நடைமுறையில் எஸ்ஆர்டிஎம் பல இடங்களில் அதைவிட நன்றாக இருக்கும், 20 மீட்டர் ஓரளவு தாங்கும். 5 மீட்டர் தாங்கவே தாங்காது.) இன்னொன்று, இவை இரண்டுமே மரத்தின் தலையையும் கட்டடத்தின் கூரையையும் சேர்த்துத்தான் அளக்கின்றன. காட்டின் விளிம்பில் கோடுகள் திடீரென்று நெருங்கினால் அங்கே மேடு இருப்பதாக நம்பிவிடாதீர்கள்.

சரி, இது கீழ் எல்லை மட்டும்தான். அடுத்துப் பார்க்க வேண்டியது சரிவும் வரைபட அளவும். இரண்டு கோடுகளுக்கு நடுவே தரையில் உள்ள தூரம் = இடைவெளி ÷ tan(சரிவு). 30 பாகைச் சரிவில் 10 மீட்டர் இடைவெளி என்றால் 17 மீட்டருக்கு ஒரு கோடு, அதாவது ஒரே பிக்சலுக்குள் ஏறக்குறைய இரண்டு. 1:50,000 வரைபடத்தில் அது 0.35 மில்லிமீட்டர், கோடுகள் ஒட்டிக்கொண்டு வெறும் பழுப்புப் பட்டையாகிவிடும். 20 மீட்டர் கொடுத்தால் 35 மீட்டருக்கு ஒன்று, தாளில் 0.7 மில்லிமீட்டர், நெருக்கம்தான் என்றாலும் படிக்க முடியும். அதே 20 மீட்டர் 2 பாகைச் சரிவில் 570 மீட்டருக்கு ஒரு கோடு தரும், அதுவும் பரவாயில்லை. மலையும் சமவெளியும் கலந்த பகுதிக்கு, இந்த அளவில் நான் 20-ஐத்தான் எடுப்பேன்.

இடைவெளியைச் சரியாகக் கொடுத்தும் கோடுகள் படிக்கட்டு மாதிரி வந்தால் முந்தைய படியைப் பாருங்கள். பாகையில் இருக்கும் டிஇஎம்மை மீட்டருக்கு மாற்றும்போது, புதிய பிக்சல் மதிப்பைக் கணக்கிடும் முறையை -r மூலம் சொல்லாவிட்டால் gdalwarp அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுத்துவிடும், அதனால் சில வரிசைகள் இரண்டு முறை வரும், சில காணாமல் போகும். ஹில்ஷேடு என்ற ஒளி நிழல் படம் போட்டுப் பார்த்தால் சீரான பட்டைகளாகத் தெரியும். cubic அல்லது bilinear கொடுத்தால் போய்விடும்.

```
gdalinfo -stats dem.tif
gdalwarp -t_srs EPSG:32644 -tr 30 30 -r cubic dem.tif utm.tif
gdal_contour -a elev -i 20 utm.tif contour.gpkg
```

EPSG எண்ணை உங்கள் பகுதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வரியைத் தாண்டிப் போகாதீர்கள், அதில் குறைந்தபட்ச உயரம் -32768 என்று வந்தால் வெற்றுப் பிக்சல்கள் நிஜ உயரமாகக் கணக்கில் சேர்கின்றன, அவற்றின் ஓரத்தில் ஆயிரக்கணக்கான கோடுகள் குவியும். gdalwarp-இல் -srcnodata -32768 சேர்த்தால் தீர்ந்தது. அப்புறம் அந்த -a elev. அதை விட்டுவிட்டால் கோடுகள் வரும், ஆனால் எந்தக் கோடு எந்த உயரம் என்பது அட்டவணையில் இருக்காது, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதுதான். இருந்தால் கியூஜிஐஎஸ்-இல் "elev" % 100 = 0 என்று வடிகட்டி, ஒவ்வொரு ஐந்தாவது கோட்டையும் தடிமனாக்கி அதில் மட்டும் உயரத்தை எழுதலாம்.