நின்று பார்க்கும் நிகழ்ச்சிக்கு ஹாலில் எத்தனை பேர்? டேப்பும் சாக்பீஸும் வைத்துக் கணக்கிடுவது எப்படி

நாற்காலி போடாமல், எல்லோரும் நின்றபடி ரசிக்கும் இசை நிகழ்ச்சிக்கு ஒரு ஹாலை வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹால் 60 அடி நீளம், 40 அடி அகலம். "500 பேர் தாராளமா நிக்கலாம் சார்" என்கிறார் மேனேஜர். அந்த எண்ணை நம்பி டிக்கெட் அடிக்காதீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நீங்களே அளந்துவிடலாம்.

முதலில் தரையை அளங்கள்

மொத்தப் பரப்பு 60 × 40 = 2,400 சதுர அடி. இதில் ஆள் நிற்க முடியாத இடங்களை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். மேடை 40 × 9, அதாவது 360. மேடைக்கு முன்னால் தடுப்புக் கம்பி வரை 4 அடி, ஹாலின் முழு அகலத்துக்கும்: 160. சவுண்ட் மேசைக்கு 80. ஆறு தூண்களுக்கு 24. வாசல்களுக்குப் போகும் வழியாக, பின்சுவரை ஒட்டி 5 அடி அகலத்தில் 40 அடி நீளம்: 200.

கழிவு மொத்தம் 824. மீதி 1,576 சதுர அடி.

பலரும் விட்டுவிடுவது கடைசியாகச் சொன்ன நடைவழியைத்தான். காலியாக இருக்கும்போது அது வீண் இடமாகத் தெரியும். ஆனால் மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு போக அதுதான் வழி. தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.

ஒருவருக்கு எவ்வளவு இடம்?

இந்தியத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, நாற்காலி இல்லாமல் நெருங்கிக் கூடும் இடத்துக்கு ஒருவருக்கு 0.65 சதுர மீட்டர் என்று கணக்கிடுகிறது. ஏறத்தாழ 7 சதுர அடி. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியிலும் இதே அளவுதான்.

எண்ணாகப் படித்தால் இது மனதில் பதியாது. தரையில் சாக்பீஸால் 10 அடிக்கு 10 அடி சதுரம் ஒன்று போடுங்கள். அதற்குள் 14 பேரை நிற்கச் சொன்னால், ஒருவருக்கு 7 சதுர அடி. கையை வீசலாம், திரும்பி நடக்கலாம். இருபது பேரானால் ஆளுக்கு 5 சதுர அடி. நிற்க முடியும், ஆட முடியாது. நாற்பது பேரானால் இரண்டரை சதுர அடிதான். தோளோடு தோள் உரசும், நடுவில் இருப்பவர் நினைத்தாலும் வெளியே வர முடியாது. நண்பர்களை வைத்து ஒருமுறை இதைச் செய்து பார்த்தவர்களுக்கு, அப்புறம் எந்த மேனேஜரின் எண்ணும் சட்டென்று உறுத்தும்.

நம் கணக்கு: 1,576 ÷ 7 = 225 பேர்.

இப்போது வாசலை அளங்கள்

தரை 225 பேரைத் தாங்கும், சரி. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியேற முடியுமா? 1942-ல் பாஸ்டனில் கோகனட் குரோவ் என்ற இரவு விடுதியில் தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். முன்வாசலில் இருந்த சுழல்கதவு கூட்டத்தின் நெரிசலில் சிக்கி நின்றுவிட்டது.

நமது விதித் தொகுப்பில் சமதள வாசலுக்கு ஒருவருக்கு 6.5 மில்லிமீட்டர் அகலம் என்று கணக்கு. நம் ஹாலில் முன்வாசல் 1,500 மி.மீ., பக்கவாசல் 900 மி.மீ. முன்வாசல் 230 பேருக்கும் பக்கவாசல் 138 பேருக்கும் போதும். சேர்த்தால் 368, தரைக் கணக்கை விட அதிகம்தான். ஆனால் தீ முன்வாசல் பக்கமே பிடித்தால்? பிரிட்டன் விதிகளில் ஒரு வாசலைப் பயன்படுத்த முடியாது என்று வைத்துக்கொண்டே மீதியைக் கணக்கிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்வேன். பெரிய வாசலை விட்டுவிட்டால் மிஞ்சுவது 138.

அளக்கும்போது சுவரில் உள்ள திறப்பை அளக்காதீர்கள். கதவு திறந்த நிலையில் ஆள் நுழையக்கூடிய இடைவெளியை அளங்கள். இரட்டைக் கதவில் ஒன்றைத் தாழ்ப்பாள் போட்டே வைத்திருப்பார்கள், அதன் முன்னால் பூந்தொட்டியும் இருக்கும். அப்படியானால் உங்கள் 1,500 பாதியாகிவிட்டது. வாசலைத் தாண்டிப் படிக்கட்டு இருந்தால் ஒருவருக்கு 10 மி.மீ. என்று கணக்கிட வேண்டும்.

தரை சொல்வது 225, வாசல் சொல்வது 138. எது குறைவோ அதுதான் ஹாலின் கொள்ளளவு.

இந்தக் கணக்கு சொல்லாத ஒன்று

225-ஓ 138-ஓ, இரண்டும் கூட்டம் பரவி நிற்கும் என்ற எண்ணத்தில் வந்தவை. பாட்டு தொடங்கியதும் எல்லோரும் மேடையை நோக்கி நகர்வார்கள். பின்பாதி காலியாக இருக்க, முன்வரிசை மட்டும் இறுகிவிடும். பக்கத்தில் இருப்பவரை இடிக்காமல் கையை முகத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை, கூட்டம் ஒரே உடம்பாக அலைபோல் சாய்கிறது என்றால் பாட்டை நிறுத்துங்கள். மைக்கில் பின்வரிசையை முதலில் பின்னால் நகரச் சொல்லுங்கள். முன்னால் இருப்பவர்களால் அவர்கள் நகர்ந்த பிறகுதான் நகர முடியும்.

டிக்கெட் அடிக்கும் முன் இன்னொரு கழித்தல் இருக்கிறது. வாத்தியக்காரர்கள் 8, சவுண்ட் ஆட்கள் 2, தன்னார்வலர்கள் 10 என்று 20 பேரும் அதே வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 138-ல் 20 போக, 118 டிக்கெட்.