அஞ்சு வெட்டு, பதினாறு துண்டு: வட்டக் கேக்கை நேர்க்கோட்டில் வெட்டும் கணக்கு

வட்டமான கேக்கை எல்லோரும் நடுப்புள்ளி வழியாகத்தான் வெட்டுகிறோம். கத்தியை ஒரு முறை வைத்தால் இரண்டு துண்டு, அஞ்சு முறை வைத்தால் பத்து. அதே அஞ்சு வெட்டில் பதினாறு துண்டு எடுக்கலாம், அதற்கு மேல் யார் முயன்றாலும் எடுக்க முடியாது. இந்தப் பதிவில் அதை 20 செ.மீ. அகலக் கேக்கில் செய்து பார்ப்போம். கோவை, ஈரோடு பக்கம் பேக்கரிகளில் ஒரு கிலோ வட்டக் கேக் கேட்டால் ஏறக்குறைய இந்த அளவில் கிடைக்கும்.

மூன்று நிபந்தனைகள். கத்தி மேலிருந்து செங்குத்தாக இறங்க வேண்டும். ஒவ்வொரு வெட்டும் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை நேராகப் போக வேண்டும். வெட்டிய துண்டுகளை நகர்த்தவோ அடுக்கவோ கூடாது. கேக்கைப் படுக்கைவாட்டில் இரண்டு அடுக்காக அறுக்க அனுமதித்தால் அது வேறு கணக்கு, விடையும் வேறு.

எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது

வெட்டத் தொடங்கும் முன் இதை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்க. புதிதாக ஒரு வெட்டுப் போடும்போது, கத்தி ஒரு துண்டுக்குள் நுழைந்தால் அந்தத் துண்டு இரண்டாகிறது. பழைய வெட்டு ஒன்றைத் தாண்டியதும் அடுத்த துண்டுக்குள் போகிறது, அதுவும் இரண்டாகிறது. ஆக, எத்தனை பழைய வெட்டுகளைத் தாண்டுகிறதோ அதைவிட ஒன்று கூடுதலாகத் துண்டுகள் சேரும்.

இரண்டு நேர்க்கோடுகள் ஒரு இடத்துக்கு மேல் வெட்டிக்கொள்ளாது. அதனால் அஞ்சாவது வெட்டு மிஞ்சிப் போனால் முந்தைய நாலு வெட்டுகளையும் ஒவ்வொரு முறை தாண்டலாம், அஞ்சு துண்டு சேர்க்கலாம். முழுக் கேக் ஒன்று. முதல் வெட்டில் 2, பிறகு 4, 7, 11, 16. உச்சம் இதுதான். கோடுகள் ஒரு தளத்தை எத்தனை பகுதியாகப் பிரிக்கும் என்ற இந்தக் கணக்கை சுவிஸ் கணித அறிஞர் யாக்கோப் ஸ்டைனர் 1826-லேயே எழுதிவிட்டார்.

உச்சத்தைத் தொட இரண்டு விஷயம் வேண்டும். ஒவ்வொரு வெட்டும் மற்ற எல்லா வெட்டுகளையும் கேக்குக்கு உள்ளேயே தாண்ட வேண்டும். ஒரே புள்ளியில் மூன்று வெட்டுகள் சந்திக்கக் கூடாது. நடுப்புள்ளி வழியாக வெட்டும்போது துண்டு குறைவதற்கு இந்த இரண்டாவதுதான் காரணம்: அஞ்சாவது வெட்டு நாலு பழைய வெட்டுகளையும் ஒரே இடத்தில் தாண்டிவிடுகிறது, அதனால் இரண்டே இரண்டு துண்டுதான் புதிதாக வரும்.

விடை நட்சத்திரத்தில் இருக்கிறது

பேனாவை எடுக்காமல் குழந்தைகள் ஒரே இழுப்பில் போடும் அஞ்சு முனை நட்சத்திரம் தெரியும் அல்லவா? அதில் அஞ்சு நேர்க்கோடுகள் உண்டு. எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்றையொன்று வெட்டும். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் எங்கும் சேராது. நமக்கு வேண்டிய இரண்டும் அதிலேயே அமைந்திருக்கிறது. கேக்குக்காக ஒரே ஒரு மாற்றம்: கோடுகளை நட்சத்திர முனையோடு நிறுத்தாமல் கேக்கின் ஓரம் வரை நீட்ட வேண்டும்.

தேவையானவை

20 செ.மீ. கேக், 12 செ.மீ. அகல மூடி ஒன்று (சின்னப் போசியின் மூடியே போதும்), ஸ்கேல், பதினைந்து பல்குத்தும் குச்சி, 25 செ.மீ. நீளமுள்ள பல்வைத்த ரொட்டிக் கத்தி. கத்தி கேக்கை விடக் குட்டையாக இருந்தால் பாதியில் எடுத்துத் திரும்ப வைக்க வேண்டிவரும், அங்கேதான் கோடு கோணிப்போகும். நீளமான கத்தி இல்லாவிட்டால் சுத்தமான பருத்தி நூல் போதும், திருப்பூர்ப் பக்கத்தில் அதற்கு என்ன பஞ்சம்! இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராகக் கீழே அழுத்துங்க. அடி வரை போனதும் ஒரு முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவுங்க. மேலே தூக்கினால் கிரீம் பிய்ந்து வரும். முந்திரி, உலர்பழம் போட்ட பிளம் கேக்குக்கு நூல் ஆகாது, கத்திதான்.

கிரீம் கேக்கானால் அரைமணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுங்க. கிரீம் கெட்டிப்பட்டால் குறிகள் அழியாது.

குறி வைப்பது

மூடியைக் கேக்கின் சரிநடுவில் வைத்து லேசாக அழுத்தி எடுங்க. சுற்றிலும் 4 செ.மீ. இடம் இருக்கிறதா என்று ஸ்கேலால் நாலு பக்கமும் பாருங்க. இப்போது அந்த வளையத்தின் மேல் ஒரு குச்சி குத்தி, அதிலிருந்து 7 செ.மீ. நேர்தூரத்தில் வளையத்தின் மேலேயே அடுத்த குச்சி, அப்படியே அஞ்சு குச்சி. வளையத்தை ஒட்டி வளைத்து அளக்காதீங்க, ஸ்கேலை நேராக வைத்து அளக்கணும். கடைசிக் குச்சிக்கும் முதல் குச்சிக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வந்தால் பரவாயில்லை. ஒரு செ.மீ.க்கு மேல் போனால் எங்கோ அளவு தவறியிருக்கிறது, திரும்ப வையுங்க.

குச்சிகளுக்கு வரிசையாக 1 முதல் 5 வரை எண் வைத்துக்கொள்ளுங்க. 1-ஐயும் 3-ஐயும் இணைக்கும் கோட்டில் ஸ்கேலைப் பிடித்து, அந்தக் கோடு கேக்கின் இரண்டு ஓரத்திலும் எங்கே முடிகிறதோ அங்கே ஒவ்வொரு குச்சி குத்துங்க. இதே மாதிரி 3-5, 5-2, 2-4, 4-1. இப்போது ஓரத்தில் பத்துக் குச்சி நிற்கும். உள்ளே இருக்கும் அஞ்சையும் எடுத்துவிடலாம், கத்திக்கு வழிகாட்ட ஓரத்துக் குச்சிகள் போதும். எந்தக் குச்சிக்கு எது ஜோடி என்று குழப்பமாக இருந்தால் ஒரு தாளில் இதே படத்தை வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க.

வெட்டுவது

1-3 கோட்டில் முதல் வெட்டு: 2 துண்டு. 3-5: முதல் வெட்டை மூன்றாம் குறி இருந்த இடத்தில் தாண்டும், 4 துண்டு. 5-2: முந்தைய இரண்டையும் தாண்டும், 7. 2-4: மூன்றையும் தாண்டும், 11. கடைசி 4-1 நாலையும் தாண்டி 16-இல் முடியும். இந்த வரிசையில் போனால் எந்த வெட்டில் நிறுத்தினாலும் அந்த எண்ணிக்கைக்கான உச்சம் கையில் இருக்கும். நாலே வெட்டுப் போதும் என்றால் கடைசியை விட்டுவிடுங்க, பதினொன்று கிடைக்கும்.

ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிடுங்க. ஒட்டியிருக்கும் கிரீம் அடுத்த வெட்டில் பக்கத்துத் துண்டை இழுத்துக்கொண்டு போகும்.

எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு வழி: முதலில் ஓரத்தைத் தொடும் துண்டுகளை எண்ணுங்க, பத்து இருக்க வேண்டும். பிறகு ஓரமே இல்லாமல் உள்ளே அடைபட்டவை ஆறு: நடுவில் ஒரு அஞ்சுபக்கத் துண்டு, அதைச் சுற்றி அஞ்சு முக்கோணம்.

எங்கே தவறுகிறது

பலர் செய்யும் பிழை, நட்சத்திரத்தைக் கேக் முழுக்கப் பெரிதாகப் போடுவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முனைகள் ஓரத்தைத் தொட்டுவிட்டால் அந்த அஞ்சு சந்திப்புகளும் கேக்குக்கு உள்ளே இல்லாமல் போகின்றன, பதினாறுக்குப் பதில் பதினொன்றுதான் வரும். ஓரத்தைத் தொடும் துண்டுகள் பத்து இல்லாமல் அஞ்சாக இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. 12 செ.மீ. மூடி என்று குறிப்பிட்டுச் சொன்னதற்கு அதுதான் காரணம். நட்சத்திர முனைக்கு வெளியே ஓரம் வரை ஒரு சின்ன ஆப்பு வடிவத் துண்டு இருக்கும். 15 செ.மீ. மூடி வைத்தால் அந்த ஆப்பு 2 சதுர செ.மீ.தான், எடுக்கும்போதே உதிரும். 12 செ.மீ. வளையத்தில் ஆப்பும் உள்முக்கோணமும் இரண்டுமே 5 சதுர செ.மீ.க்குக் கொஞ்சம் மேலாக, ஏறக்குறைய சமமாக வரும். கேக் வேறு அளவானால் மூடி அதில் ஐந்தில் மூன்று பங்கு அகலம் இருக்கட்டும்: 25 செ.மீ. கேக்குக்கு 15 செ.மீ. மூடி, குச்சிகளுக்கு இடையே 8.8 செ.மீ.

துண்டு பதினைந்துதான் வந்தது என்றால் ஒரு வெட்டு கோணி, மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். உள்ளே ஒரு முக்கோணம் காணாமல் போயிருக்கும், அந்த இடத்தைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்க. துண்டுகள் சமமாக இருக்காது. ஓரத்தின் அஞ்சு பெரிய துண்டுகள் ஒவ்வொன்றும் சுமார் 50 சதுர செ.மீ., நடுவிலுள்ளது 12 அல்லது 13, மற்ற பத்தும் மேலே சொன்ன மாதிரி ஒரு வாய்க்குத்தான். பிறந்தநாளுக்கு வந்த பதினாறு பேருக்கும் சமமாகக் கொடுக்க நினைத்தால் பழையபடி நடுப்புள்ளி வழியாக எட்டு வெட்டுப் போடுங்க. இந்த முறை துண்டுகளின் எண்ணிக்கைக்காக மட்டும்.

வேறு எத்தனை வெட்டானாலும்

வெட்டு எண்ணிக்கையை அடுத்த எண்ணோடு பெருக்கி, பாதியாக்கி, ஒன்று கூட்டுங்க.

```
துண்டுகள் = n × (n + 1) ÷ 2 + 1
```

ஆறு வெட்டு: 6 × 7 = 42, பாதி 21, ஒன்று கூட்டினால் 22. பத்து வெட்டுக்கு 56.

வரைவதற்கும் நட்சத்திரமே வழி. ஒற்றைப்படை என்றால் அத்தனை குறிகளை வளையத்தில் சம தூரத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் அதற்கு எதிரே கிட்டத்தட்ட நேராக இருக்கும் இரண்டு குறிகளோடு இணையுங்க. ஏழு குறிகள் என்றால் மூன்று தள்ளி இருப்பதோடு: 1-4, 4-7, 7-3, 3-6, 6-2, 2-5, 5-1. மூன்று வெட்டுக்கு வெறும் முக்கோணம், கோடுகளை ஓரம் வரை நீட்டினால் ஏழு துண்டு. இரட்டைப்படை என்றால் அடுத்த ஒற்றைப்படை நட்சத்திரத்தை வரைந்து ஒரு கோட்டை விட்டுவிடுங்க. ஏழு முனையில் ஒன்றை விட்டால் 29-இலிருந்து ஏழு குறைந்து 22, ஆறு வெட்டுக்கான உச்சம்.

ஆனால் ஏழு வெட்டை 20 செ.மீ. கேக்கில் முயல வேண்டாம். 14 செ.மீ. வளையத்தில் குறி வைத்தால்கூட நடுவில் வரும் முக்கோணங்களின் அடி ஒன்றரை செ.மீ., உயரம் ஒரு செ.மீ. கூட இருக்காது. கத்தி தொட்டதும் தூளாகிவிடும். 29 துண்டைக் கண்ணால் பார்க்க ஆசையாக இருந்தால், கேக்குக்குப் பதில் அட்டையில் பெரிய வட்டம் வரைந்து பென்சிலால் கோடு போடுங்க. தின்று பார்க்கவும் வேண்டும் என்றால் பெரிய தட்டு அகலத்துக்குத் தட்டி எடுத்த ஒப்பிட்டு நல்லது: உயரம் இல்லாததால் கத்தி சாயாது, பூரணம் ஆறிய பிறகு வெட்டினால் சின்ன முக்கோணமும் உடையாமல் நிற்கும்.