ஆஃப்லைனில் நிரப்பிய படிவம் இருமுறை பதிவாகாமல் இருக்க

களப்பணியாளர் படிவத்தைச் சேமிக்கும் நொடியிலேயே, `crypto.randomUUID()` கொண்டு அதற்கோர் அடையாளக் குறியீட்டை உருவாக்கி, அதையே `IndexedDB` பதிவின் சாவியாக வைத்துக்கொள்ளுங்கள். சர்வரிலும் அக்குறியீட்டைத் தனித்த சாவியாக்கி, ஏற்கெனவே வந்தது மீண்டும் வந்தால் புதிய பதிவைச் சேர்க்காமல், பெற்றுக்கொண்டதாகவே பதிலளிக்கச் செய்யுங்கள்.

வீவக புளோக்கில் மின்தூக்கியைப் பரிசோதிக்கும் ஊழியரின் கைப்பேசி, படிவம் சர்வரை அடைந்தபின், பதில் வருவதற்குள் இணைப்பை இழப்பதுண்டு. படிவம் போய்ச் சேர்ந்ததா என்று கைப்பேசிக்குத் தெரியாததால், அது மீண்டும் அனுப்பியே ஆக வேண்டும். குறியீடு மாறாததால், எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே பதிவுதான் நிற்கும். பெற்றுக்கொண்டதாகச் சர்வர் பதிலளித்த பிறகே கைப்பேசியிலுள்ள பதிவை நீக்குங்கள். `online` நிகழ்வு வந்தாலே இணையம் கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை என்பதால், செயலியைத் திறக்கும்போதும் அனுப்ப முயல்வது நல்லது.

ஒரே பதிவை இருவர் தனித்தனியே திருத்தும் படிவங்களுக்கு இது உதவாது. அங்கே யாருடைய திருத்தம் நிற்க வேண்டும் என்பதைத் தனியாக முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.