கரண்ட்டைத் திட்டும் முன் பம்பைப் பாருங்கள்

டெல்டா பக்கம் ஒரு டெஸ்க்டாப் திடீரென்று அணைந்தால் முதல் பழி கரண்ட்டுக்கு, அடுத்தது வெயிலுக்கு. சாயங்காலத்து லோ வோல்டேஜையும் சித்திரை வெக்கையையும் பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால் பிராசஸரின் சூட்டைத் திரவம் வழியாக ரேடியேட்டருக்குக் கடத்தும் லிக்விட் கூலர் போட்ட கணினி என்றால், இந்த இரண்டிலும் பணம் செலவழிப்பதற்கு முன்னால் அந்தத் திரவத்தை ஓடவைக்கும் பம்பைச் சந்தேகப்பட வேண்டும்.

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு ஸ்டுடியோ. ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர், 240 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட கூலர், வாங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ரெண்டர் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் பட்டென்று அணைந்துவிடும். சற்று நேரம் விட்டு ஆன் செய்தால் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து வரும். இந்த இடைவெளிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. பிராசஸர் ஆறியதால் கணினி எழுந்தது. அவர்களோ வோல்டேஜ் சரியாகிவிட்டது என்று நினைத்து ஸ்டெபிலைசர் வாங்கினார்கள், எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்றினார்கள். விண்டோஸின் Event Viewer-இல் Kernel-Power 41 என்று இருந்ததும் அந்த நம்பிக்கைக்குத் துணைபோனது. பெயரில் பவர் இருந்தாலும், கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதைத்தான் அந்தப் பதிவு சொல்கிறது. காரணத்தைச் சொல்வதில்லை.

வெயில் காரணமா என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அறை 28 டிகிரியிலிருந்து 38 ஆனால் பிராசஸரும் ஏறக்குறைய அந்த 10 டிகிரிதான் கூடும். 65-இல் இருந்தது 75-க்குப் போகலாம். நேராக 90-ஐத் தொடுகிறது என்றால் வெப்பம் வெளியேறும் வழியே அடைபட்டிருக்கிறது.

ஏறும் வேகத்தையும் கவனியுங்கள். வெப்பநிலையைக் காட்டும் HWiNFO64 மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ரெண்டர் போடுங்கள். நல்ல கூலரில் வெப்பநிலை சட்டென்று ஒரு அளவுக்கு உயரும், அப்புறம் திரவம் சூடாகச் சூடாக மெதுவாகத்தான் நகரும். பம்ப் நின்றிருந்தால் பிராசஸர் மேலிருக்கும் கொஞ்சம் திரவம் மட்டும் கொதிநிலையை நோக்கிப் போகும். 5800எக்ஸுக்கு 90 டிகிரி வரம்பு என்பதால் அங்கே வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அதுவும் போதாவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். பவர் கோளாறு என்றால் இந்த ஏற்றமே இல்லாமல், 60 டிகிரியிலும் அணையும்.

அந்த ஸ்டுடியோவில் கணினியை பயாஸ் திரையிலேயே சும்மா விட்டபோதும் வெப்பநிலை நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. ரேடியேட்டர் ஃபேன்கள் முழு வேகத்தில் இரைகின்றன, வெளியே வரும் காற்றோ குளுகுளு. பம்ப் பக்கம் குழாய் சுடுகிறது, ரேடியேட்டர் பக்கம் சில்லென்று இருக்கிறது. வேலை செய்யும் கூலரில் இரண்டு குழாய்களும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பாக இருக்கும்.

இங்கே இன்னொரு தவறு நடக்கும். பயாஸில் பம்பின் ஆர்.பி.எம். காட்டினால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். பம்புசெட் மோட்டார் ஓடியும் வாய்க்காலில் தண்ணீர் வராத கதை நம்மூரில் யாருக்குத் தெரியாது? உள்ளே செம்புத் தகட்டின் மெல்லிய இடுக்குகளில் கசடு அடைத்தாலும், திரவம் ஆவியாகிக் குறைந்து காற்று புகுந்தாலும் ஆர்.பி.எம். காட்டும், ஓட்டம் இருக்காது. சுழியம் காட்டினாலோ CPU Fan Error என்று வந்தாலோ முதலில் வயரைப் பாருங்கள். தளர்ந்திருக்கலாம். சில பம்புகள் சாட்டா வயரில் பவர் எடுக்கும், அதுவும் கழன்றிருக்கலாம். பம்பின் வயரை மதர்போர்டில் கேபினட் ஃபேனுக்கான CHA_FAN முனையில் செருகி அமைதியான வேகத்தில் வைத்திருந்தால் மின்னழுத்தம் குறைந்து பம்ப் நின்றுபோகவும் கூடும். பம்புக்கென்றே உள்ள AIO_PUMP முனைக்கு மாற்றி முழு வேகம் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பம்பைக் குறை சொல்ல வேண்டும். ஸ்டுடியோவில் இவை எல்லாம் சரியாக இருந்தன, பம்ப்தான் போயிருந்தது.

பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட்டைத் திரும்பத் திரும்ப மாற்றுவது வீண். பம்பை விரலால் தட்டி ஓடவைப்பது ஆபத்து. தட்டினால் சில நேரம் ஓடும், மறுபடி முகூர்த்த வேலையின் நடுவில் நிற்கும். அடைத்து முத்திரையிட்ட யூனிட்டைத் திறந்து திரவம் ஊற்றுவதும் வேண்டாம். கசிந்தால் மதர்போர்டு போகும், உத்தரவாதமும் போகும். உத்தரவாதம் மிச்சமிருக்கிறதா என்று பில்லைப் பாருங்கள். மாற்று வரும்வரை ஒரு நல்ல டவர் ஏர் கூலர் போதும். அந்த ஸ்டுடியோ இப்போது அதிலேயே ஓடுகிறது, ரெண்டர் நேரத்தில் சத்தம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

மறுபடியும் லிக்விட் கூலர்தான் வேண்டும் என்றால், பொருத்தும்போது ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். பம்ப் உச்சியில் இருந்தால் உள்ளே சேரும் காற்று அங்கேயே தங்கி, ஆன் செய்ததும் களகளவென்று சத்தம் கேட்கும்.