கிளவுட் ஃபுல் ஆயிடுச்சா? டெலீட் பட்டன தொடறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

ஆண்ட்ராய்டு போன் வச்சிருக்கவங்களுக்கு கூகுள் கணக்குல சும்மா கிடைக்கிற இடம் 15 ஜிபி, அது போட்டோவுக்கு மட்டும்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க, ஆனா ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்ந்துதான் அந்த 15. ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் பேக்கப் முன்ன கணக்குலயே வராது, இப்ப அதுவும் இதுக்குள்ளதான். அது ரொம்பிட்டா போட்டோ ஏறாதுங்கிறது மட்டும் இல்ல, மெயிலே வராது. அந்த பதட்டத்துல பண்ற தப்புங்கதான் உண்மையான நஷ்டம், இடம் ரொம்பின உடனே எந்த போட்டோவும் போயிடாது, ரொம்பிடுச்சேன்னு அழிக்கிறதுலதான் போகுது.

எங்க மஞ்சக்குப்பத்துல பக்கத்து வீட்டு அக்கா போன வச்சே சொல்றேன், ஏன்னா இருக்கிற எல்லா குழப்பமும் அந்த ஒரே போன்ல இருந்துச்சு. பொண்ணு கல்யாணம் திருவந்திபுரம் கோயில்ல நடந்துச்சு. சொந்தக்காரங்க எடுத்த போட்டோ, வீடியோ, அக்காவே எடுத்தது, குரூப்ல வந்தது எல்லாம் அதுலதான். பேங்க்ல இருந்து வர்ற மெயில் வரலன்னு பாத்தா கணக்கு 15 ஜிபியும் ரொம்பி நிக்குது. பிரிச்சு பாத்தா போட்டோஸ் 10.2, வாட்ஸ்அப் பேக்கப் 3.1, ஜிமெயில் 1.4, டிரைவ் 0.3. இத நீங்களும் முதல்ல பாருங்க, `one.google.com/storage` போனா எது எவ்வளவு தின்னுதுன்னு வரும், வாட்ஸ்அப் பேக்கப்போட சைஸ் வாட்ஸ்அப்புக்குள்ளயே Settings, Chats, Chat backup போனா தெரியும். இத பாக்காமலே கேலரிய திறந்து கண்ணுல பட்டத எல்லாம் அழிக்க உக்காந்துடறாங்க, அங்கதான் ஆரம்பிக்குது.

டூப்ளிகேட் எப்படி வருதுன்னு கொஞ்சம் புரிஞ்சிக்கணும். கூகுள் போட்டோஸ் அச்சு அசலா ஒரே ஃபைல ஒரே கணக்குல ரெண்டு தடவ ஏத்தாது, அத கண்டுபிடிச்சு விட்டுடும். ஆனா அக்கா கேமரால எடுத்த மாலை மாத்தற போட்டோ ஒன்னு 4 எம்பி இருக்கும், அத குடும்ப குரூப்ல போட்டாங்க, வாட்ஸ்அப் அத சுருக்கி அனுப்புது, புதுச்சேரில இருக்கிற சித்தி அத எடுத்து இன்னொரு குரூப்ல போட்டாங்க, அந்த குரூப்ல அக்காவும் இருக்காங்க, அதனால அதே போட்டோ சில நூறு கேபில சின்னதாகி அக்கா போனுக்கே திரும்பி வந்துடுச்சு. நம்ம கண்ணுக்கு ஒரே போட்டோ, கூகுளுக்கு ரெண்டும் வேற வேற ஃபைல், அதனால ரெண்டையும் ஏத்திடும். மூணாவதா வாட்ஸ்அப் பேக்கப்புக்குள்ளயும் அதே படம் போய் உக்காந்துக்குது. ஒரு படம் மூணு இடத்த பிடிக்குது, வீடியோன்னா கேக்கவே வேணாம்.

இதுல வாட்ஸ்அப் ஃபோல்டர் தானா ஏறல, வழக்கமா கேமரா ஃபோல்டர் மட்டும்தான் ஏறும். மத்த ஃபோல்டரையும் ஏத்தவான்னு போன் என்னைக்கோ கேட்டிருக்கும், யாரோ சரின்னு தட்டியிருப்பாங்க. போட்டோஸ் ஆப்ல Back up device folders னு ஒரு இடம் இருக்கு, அங்க போய் வாட்ஸ்அப், ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க. ஆஃப் பண்ணா இனிமே ஏறாது, அவ்வளவுதான், ஏற்கனவே ஏறினது அப்படியேதான் இருக்கும்.

இப்ப பெரிய தப்புக்கு வரேன். அக்காவோட தம்பி பையன், நல்ல பையன்தான், போன் ஸ்லோவா இருக்குன்னு Free up space அமுக்கியிருக்கான். அந்த பட்டன் பண்றது என்னன்னா, கிளவுடுக்கு ஏறினத எல்லாம் போன்ல இருந்து எடுத்துடும். அது தப்பான பட்டன் இல்ல. ஆனா அமுக்கின நிமிஷத்துல இருந்து அந்த போட்டோவுக்கெல்லாம் கிளவுட்ல இருக்கிறது ஒன்னுதான் காப்பி, அது பேக்கப்பே கிடையாது, அதுதான் அசல். ஆப்ல பாத்தா முன்ன மாதிரியே எல்லாம் தெரியும், அதனால போன்லயும் இருக்குன்னு நினைச்சிப்போம். கொஞ்ச நாள் கழிச்சு கிளவுட் ரொம்புது, சரி போன்லதான் இருக்கேன்னு கிளவுட்ல அழிக்கிறோம், முடிஞ்சிது. அந்த பையன் பெரிய வீடியோவா பாத்து அழிக்க ஆரம்பிச்சிருந்தான், நல்ல வேளை டிராஷ காலி பண்ணல, அதுக்குள்ள அக்கா பாத்துட்டு சத்தம் போட்டதால திரும்ப எடுக்க முடிஞ்சிது. பேக்கப் ஆன போட்டோ டிராஷ்ல 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள்தான்.

இதோட இன்னொன்னும் ஒட்டிக்கிட்டு வரும். பேக்கப் குவாலிட்டி Storage saver னு இருந்தா போட்டோ 16 மெகாபிக்சலுக்கு மேல போகாது, வீடியோ 1080p ஆயிடும். அக்கா போன்ல அப்படித்தான் இருந்துச்சு. முகூர்த்த வீடியோ 4கேல எடுத்தது, போன்ல இருந்தது Free up space ல போயிடுச்சு, கிளவுட்ல இருக்கிறது 1080p. பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த 4கே இனி எங்கயும் கிடையாது. அதனால முக்கியமான வீடியோ இருந்தா முதல்ல கேபிள் போட்டு கம்ப்யூட்டருக்கோ ஹார்ட் டிஸ்க்குக்கோ, கேமரால எடுத்தது இருக்கிற DCIM ஃபோல்டர காப்பி பண்ணிட்டு அப்புறம் அந்த பட்டன் பக்கம் போங்க.

டெலீட் பண்றதுல ஒரு விஷயம் எப்பவும் குழப்பும். பேக்கப் ஆன போட்டோவ கூகுள் போட்டோஸ் ஆப்ல அழிச்சா கிளவுட்லயும் போயிடும், போன்லயும் போயிடும், அதே கணக்க வேற டேப்லயோ போன்லயோ போட்டிருந்தா அங்கயும் போயிடும். போன்ல மட்டும் எடுக்கணும்னா Delete from device னு தனியா இருக்கு. ஐபோன்லயும் கதை இதேதான், ஐகிளவுட் போட்டோஸ் ஆன்ல இருந்தா போன்ல அழிச்சது ஐகிளவுட்லயும் அழியும். அங்க கூடுதல் வசதி என்னன்னா ஐஓஎஸ் 16 ல இருந்து Duplicates னு ஒரு ஆல்பம் தானா வருது, Merge கொடுத்தா நல்ல குவாலிட்டி உள்ளத வச்சிக்கும். ஆனா சும்மா கிடைக்கிறது 5 ஜிபிதான், கூகுள் போட்டோஸும் கூட ஓடிட்டு இருந்தா ரெண்டு பக்கமும் ரொம்பும்.

ப்ளே ஸ்டோர்ல டூப்ளிகேட் கிளீனர்னு ஆயிரம் ஆப் இருக்கு, எனக்கு அதுங்க மேல நம்பிக்கை இல்ல. போன்ல இருக்கிற எல்லா ஃபைலையும் பாக்க பர்மிஷன் கேக்கும், ஒரே மாதிரி தெரியுற ரெண்டுல எத வச்சிக்கணும்னு அதுவா முடிவு பண்ணும், அப்ப 4 எம்பி அசல் போய் வாட்ஸ்அப்ல வந்த சுருங்கினது மிஞ்சினாலும் ஆச்சரியமில்ல. எது அசல்னு நீங்களே பாத்துக்கலாம், போட்டோவ மேல தள்ளினா விவரம் வரும், பேர்ல `IMG-20240214-WA0007` மாதிரி WA இருந்தா அது வாட்ஸ்அப்ல வந்தது, அசல்ல எந்த போன், லென்ஸ் செட்டிங் என்னன்னு எல்லாம் இருக்கும், சைஸும் பெருசா இருக்கும்.

ஆனா WA னு இருக்கிறத எல்லாம் மொத்தமா தூக்கிடாதீங்க. சித்தப்பா அவர் போன்ல எடுத்து அனுப்பின போட்டோவுக்கு உங்ககிட்ட அசலே கிடையாது, அந்த WA காப்பிதான் உங்களுக்கு எல்லாம். அக்கா போன்ல அவங்க அப்பாவோட கடைசி போட்டோ அப்படித்தான் இருந்துச்சு, தேவனாம்பட்டினம் பீச்சுல மாசி மகத்துக்கு போனப்ப யாரோ எடுத்து அனுப்பினது. இந்த மாதிரி உள்ளத முதல்ல ஒரு ஆல்பத்துல போட்டு, கிளவுட்ல இருந்த முகூர்த்த வீடியோவையும் இறக்கி, எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒரு காப்பி எடுத்துட்டோம், அப்புறம்தான் அழிக்கவே ஆரம்பிச்சோம்.

அழிக்க நல்ல இடம் `photos.google.com/quotamanagement`, கம்ப்யூட்டர்ல திறந்தா பெரிய ஃபைல், மங்கலானது, ஸ்க்ரீன்ஷாட், Other apps னு பிரிச்சு காட்டும். Other apps ல குட் மார்னிங், ஃபார்வேர்டு வீடியோன்னு 3.4 ஜிபி போச்சு, ஸ்க்ரீன்ஷாட் 0.6. இங்க அழிக்கிற வாட்ஸ்அப் படம் போன்ல இருந்தும் போக வாய்ப்பிருக்கு, அப்ப சாட்ல அந்த படம் திறக்காது, அக்காவுக்கு அது பரவால்லன்னுட்டாங்க. வாட்ஸ்அப் பேக்கப்ல Include videos ஆஃப் பண்ணி, Manage storage ல 5 எம்பிக்கு மேல உள்ள ஃபார்வேர்டுங்கள எடுத்துட்டு, திரும்ப ஒரு பேக்கப் ஓட விட்டதும் 3.1 ஜிபி 0.7 க்கு வந்துச்சு. இப்படி ஆஃப் பண்ணா போன் மாத்துறப்ப சாட்ல உள்ள வீடியோ திரும்ப வராது, அது தெரிஞ்சு பண்ணுங்க.

பழச அழிச்சா இடம் வரும்னு 2019, 2020 போட்டோவ அழிக்கிறவங்க இருக்காங்க. 2021 ஜூன் 1 க்கு முன்னாடி High quality ல, அதாவது இப்ப Storage saver னு சொல்றதுல, ஏறின போட்டோ எதுவும் 15 ஜிபி கணக்குலயே இல்ல, ஆயிரம் போட்டோ அழிச்சாலும் ஒரு எம்பி கூட குறையாது, போட்டோ போறதுதான் மிச்சம். வெப்ல விவரத்த திறந்தா அது இடம் எடுக்குதா இல்லையான்னு போட்டிருக்கும். அதே மாதிரி ஒரே மாதிரி போட்டோவ ஆப் அடுக்கி ஒன்னா காட்டுறத பாத்து டூப்ளிகேட் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க, உள்ள எல்லாம் அப்படியேதான் இருக்கும், இடமும் குறையாது.

டிராஷ காலி பண்றதுதான் கடைசி, அன்னைக்கே பண்ணாதீங்க. அக்காகிட்ட ஹார்ட் டிஸ்க்க பொண்ணு லேப்டாப்ல மாட்டி முகூர்த்த வீடியோவ முழுசா ஓட்டி பாக்க சொன்னேன், காப்பி ஆகும்போது கேபிள் ஆடி பாதில நின்ன ஃபைல் கேலரில படம் மாதிரி தெரியும், ஆனா ஓடாது. அது ஓடுச்சுன்னு போன் பண்ணி சொன்ன அப்புறம் டிராஷ காலி பண்ணோம், கணக்கு 8.6 ஜிபிக்கு இறங்குச்சு, நான் ஒரு டெஸ்ட் மெயில் போட்டேன், உடனே வந்துச்சு. மங்கலானதுன்னு ஆப் பிரிச்சு வச்சிருந்தத மட்டும் அக்கா தொட விடல, அதுல பாதி பேரப்பசங்க ஓடுறப்ப எடுத்தது.